குளக்கட்டை வெட்டுவதற்கு முன் ஒரு படலை

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்பின் சிறு குளத்தைப் புனரமைப்பதற்கு வழிநடத்தற் குழு ஒன்று அமைத்திருக்கிறோம். நிதி தருபவர்கள், திட்டத்தைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தொடர்வதா நிறுத்துவதா என்று குழு முடிவெடுக்க வேண்டும் என்கிறார்கள். எங்கே பிரிப்பது? அந்தக் கூட்டத்தில் எதைப் பார்த்து முடிவெடுப்பது? வேலை தொடங்கிய பிறகு நிறுத்துவது நடக்கிற காரியமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கான விடையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது. நிறுத்துவது சில இடங்களில் மிக எளிது, சில இடங்களில் நடக்கவே நடக்காது. குளக்கட்டை வெட்டி, வயலுக்கு நீர் திறக்கும் துருசைப் பிடுங்கிய பிறகு எந்தக் குழுவாலும் வேலையை நிறுத்த முடியாது. மாரிக்கு முன் அந்த வெட்டை மூடியே ஆகவேண்டும். ஆகவே கட்டங்களைப் பிரிக்கும்போது நீங்கள் தேட வேண்டியது, எந்த இடம் வரை கையைக் கழுவிக்கொண்டு வர முடியும், எந்த இடத்துக்குப் பிறகு முடியாது என்பதைத்தான். முடிவெடுக்கும் கூட்டம் அந்த இடத்துக்குச் சற்று முன்னால் அமைய வேண்டும்.

நிதி தருபவர்கள் 'ஸ்டேஜ் கேட்' என்று சொல்வதை நான் படலை என்றே எழுதுகிறேன். கனடாவைச் சேர்ந்த ராபர்ட் கூப்பர் என்ற ஆய்வாளர் 1980களில் புதுப் பொருள்களை உருவாக்கும் கம்பனிகளுக்காக இந்த முறையை வகுத்தார். ஒவ்வொரு படலையிலும் நான்கு முடிவுகளில் ஒன்று வரலாம்: தொடர், நிறுத்து, பொறுத்திரு, திருத்திக்கொண்டு மறுபடி வா. படலை என்றால் சாத்தக்கூடியதாக இருக்க வேண்டும். எப்போதும் திறந்தே கிடப்பது படலை அல்ல, வேலியில் விழுந்த பொட்டு. நான் பார்த்த வழிநடத்தற் குழுக்களில் பெரும்பாலானவற்றின் கூட்டங்கள் பொட்டுகளாகத்தான் இருந்தன. திட்ட அலுவலர் எத்தனை வீதம் வேலை முடிந்தது என்று வாசிப்பார், உறுப்பினர்கள் தேநீர் குடிப்பார்கள், 'முன்னேற்றம் திருப்தியாக உள்ளது, தொடரலாம்' என்று கூட்டறிக்கையில் எழுதப்படும். முடிந்த வேலையைப் பற்றிக் கேட்பது அறிக்கைக் கூட்டம். படலைக் கூட்டத்தில் கேட்க வேண்டியது, அடுத்த கட்டத்துக்கான பணத்தை இன்று விடுவிக்கலாமா என்பது மட்டுமே.

இதை ஒரு குளத்தை வைத்தே விளக்குகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் செயலாளராக இருந்து கடமையாற்றிய ஒரு குழுவின் அனுபவம் இது. குளத்தின் பெயர் வேண்டாம். அதன் கீழ் 60 ஏக்கர் வயல் இருந்தது. 80 ஹெக்டேயருக்குக் குறைவான பரப்புக்கு நீர் பாய்ச்சும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருவதால், அதன் தொழில்நுட்ப அலுவலர் ஒருவர் குழுவில் இருந்தார். துருசு பழுதாகிக் கட்டுக்குள்ளால் நீர் கசிந்துகொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது காலபோகத்தின் கடைசி நீர் கிடைக்காமல் பயிர் கருகியது. அமைப்பின் கோரிக்கையில் இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று, துருசைப் புதிதாக அமைத்துக் கட்டைத் திருத்துவது. மற்றது, மிகை நீர் வழிந்தோடும் வானை உயர்த்திக் கூடுதல் நீரைத் தேக்கி, சிறுபோகத்தில் மேலும் 25 ஏக்கர் விதைப்பது. மொத்த மதிப்பீடு 140 இலட்சம் ரூபா.

நாங்கள் நான்கு படலைகள் வைத்தோம். முதலாவது, களத்தைப் பார்த்து அமைப்புடன் பேசி ஒரு சுருக்கமான கருத்துப் பத்திரம் எழுதியபின். அதுவரை செலவு ஒன்றரை இலட்சம். இரண்டாவது, நில அளவை, மண் பரிசோதனை, நீர்க் கணக்கு, வரைபடம், அளவுப் பட்டியல் எல்லாம் முடிந்தபின். அதற்கு 9 இலட்சம். மூன்றாவது, ஒப்பந்தக்காரர் வந்து காடு வெட்டி, வாய்க்கால் திருத்தி, மண் குவித்து முடித்து, ஆனால் கட்டில் கை வைப்பதற்கு முன். நான்காவது, வேலை முடிந்து முதல் காலபோகம் கழிந்தபின். கேள்விமனு கோருவதற்குத் தனிப் படலை வைக்கவில்லை. விலைகள் மதிப்பீட்டைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடினால் மட்டும் குழுவைக் கூட்டுவது, அதற்குள் என்றால் திட்ட அலுவலரே முடிவெடுப்பது என்று ஒழுங்கு செய்தோம். பிரித்தானியாவில் 1996 இல் வெளிவந்த பிரின்ஸ்2 என்ற திட்ட முகாமைத்துவ முறையில் இப்படி விட்டுக்கொடுக்கும் எல்லையைக் கட்டத்துக்குக் கட்டம் எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. குழுவினரை மாதந்தோறும் கச்சேரிக்கு அலைக்கழிக்காமல் இருப்பதற்கு அது நல்ல வழி.

இரண்டாவது படலையின் திகதியைத் தெரிவுசெய்ததுதான் எங்களுக்கு அதிக வாதத்தை உண்டாக்கியது. வடிவமைப்பு முடிந்தவுடன் கூடலாம் என்று திட்ட அலுவலர் நினைத்தார், அப்படியானால் ஏப்ரல் ஆகிவிடும். கமக்காரர் அமைப்பின் தலைவர் அதை மறுத்தார். துருசை மாற்ற வேண்டுமானால் குளம் வற்றியிருக்க வேண்டும், குளம் வற்றியிருக்க வேண்டுமானால் அந்த ஆண்டு சிறுபோகத்தைக் கைவிட வேண்டும், சிறுபோகத்தை விதைப்பதா இல்லையா என்பதைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். எனவே குழு பெப்ரவரிக்குள் முடிவைச் சொல்லாவிட்டால், சனங்கள் எந்த உறுதியும் இல்லாமல் ஒரு போகத்தை விட்டுக்கொடுப்பார்கள், அல்லது விதைத்துவிட்டுப் பிறகு குளத்தைத் திறக்க விடமாட்டார்கள். அவர் சொன்னது சரி. படலை எங்கே நிற்க வேண்டும் என்பதைத் திட்ட அட்டவணையைவிட, வெளியார் எப்போது தங்கள் பங்கைச் செலவிடத் தொடங்குகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. வன்னியில் அந்தப் பங்கு பெரும்பாலும் ஒரு போகமாகவே இருக்கும்.

இனி, அந்த இரண்டாவது படலையில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நில அளவை இரண்டு செய்திகளைக் கொண்டுவந்தது. வானை உயர்த்தினால் குளத்தின் மேற்புறத்தில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் நீர் ஏறும் என்பதால் உயரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. அப்படிக் குறைத்தால் கூடுதலாக விதைக்கக்கூடிய பரப்பு 25 ஏக்கரிலிருந்து 10 ஏக்கராகிவிடும். அடுத்தது அதைவிட முக்கியமானது. எங்கள் குளம் வான் பாயும் நீர்தான் கீழேயுள்ள இன்னொரு சிறு குளத்தை நிரப்புகிறது. வன்னிக் குளங்கள் பல இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தவை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கோரிக்கைப் பத்திரம் எழுதும்போது எவரும் அதை எழுதியிருக்கவில்லை. நாங்கள் நீரை நிறுத்திக்கொண்டால் கீழ்க் குளத்துக்காரர் ஏறத்தாழ 5 ஏக்கர் சிறுபோகத்தை இழப்பார்கள் என்று கணக்கு காட்டியது.

திட்ட அலுவலர் தன் பத்திரத்தில் 140 இலட்சத்தை ஒரே தொகையாக வைத்து, ஒட்டுமொத்தப் பலன் இன்னும் திருப்திகரமானது என்று எழுதியிருந்தார். அந்தப் பத்திரம் பொய் சொல்லவில்லை, ஆனால் மறைத்தது. தொழில்நுட்ப அலுவலர் தொகையை இரண்டாகப் பிரிக்கும்படி கேட்டார். மீதமிருந்த 129.5 இலட்சத்தில் துருசுக்கும் கட்டுக்கும் 70 இலட்சம், வானை உயர்த்தவும் அதற்கேற்பக் கட்டை உயர்த்தவும் 59.5 இலட்சம். ஏக்கருக்கு ஒரு போகத்தில் நிகர வருமானம் 60,000 ரூபா என்று குழு எடுத்துக்கொண்டது. துருசைத் திருத்தினால் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கருகும் 60 ஏக்கர் காப்பாற்றப்படும். 36 இலட்சத்தை நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 9 இலட்சம், அதாவது 70 இலட்சம் எட்டு ஆண்டுக்குள் மீளும். வானை உயர்த்தினால் எங்களுக்கு 10 ஏக்கர் கூடும், கீழ்க் குளத்தில் 5 ஏக்கர் குறையும். மிஞ்சுவது 5 ஏக்கர், ஆண்டுக்கு 3 இலட்சம். 59.5 இலட்சம் மீள இருபது ஆண்டு வேண்டும். முதல் மதிப்பீட்டில் அதே பகுதி நான்கு ஆண்டில் மீளும் என்று இருந்தது.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். ஏற்கெனவே செலவான பத்தரை இலட்சம் எங்கும் வரவில்லை. அது போன பணம், தொடர்ந்தாலும் திரும்பாது, நிறுத்தினாலும் திரும்பாது. இனிப் போடப்போகும் பணத்துக்கு இனி வரப்போகும் பலன் போதுமா என்பதே கேள்வி. கூட்டத்தில் ஒருவர், 'அளவைக்கே இவ்வளவு செலவழித்துவிட்டோம், இப்போது பாதியைக் கைவிட்டால் அந்தக் காசு வீண்தானே' என்று கேட்டார். அந்தக் காசு வீணாகவில்லை. கீழ்க் குளத்தோடு வரவிருந்த சண்டையையும் 59.5 இலட்சத்தையும் அதுதான் மிச்சப்படுத்தியது. இருந்தாலும் இந்த உணர்வை வாதத்தால் மட்டும் வெல்வது கடினம். அதற்காகவே முதலாவது படலையிலேயே, 'வானை உயர்த்தும் செலவு எட்டு ஆண்டுக்குள் மீள வேண்டும், வேறு எந்தக் குளத்தின் நீரும் குறையக்கூடாது, இவற்றில் ஒன்று பொய்த்தாலும் அந்தப் பகுதி கைவிடப்படும்' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தோம். எவருக்கும் முகம் கோணாத காலத்தில் எழுதிய அந்த மூன்று வரிகளை நான் கூட்டத்தில் வாசித்தேன். அதற்குப் பிறகு வாதம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முடிவு 'திருத்திக்கொண்டு மறுபடி வா' என்பதாக அமைந்தது. வானை உயர்த்தும் பகுதியை நீக்கிய வரைபடத்துடன் இரண்டு வாரத்தில் மீண்டும் கூடி, 70 இலட்சத்துக்குத் தொடர அனுமதி கொடுத்தோம்.

பெரிய திட்டங்களிலும் இதே கதைதான். யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010 இல் ஒப்புதல் அளித்தபோது, இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவது என்றே திட்டமிடப்பட்டிருந்தது. கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் வயலுக்கு நீர் போதாது என்று எதிர்த்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்துக்கான நீர் மூலம் கடல் நீருக்கு மாற்றப்பட்டு, தாளையடியில் கட்டிய நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. குளத்தில் எவ்வளவு நீர் உண்டு, அதில் எவருக்கு உரிமை என்பவை முதலாவது படலையில் கேட்க வேண்டிய கேள்விகள். அங்கே கேட்காவிட்டால் அவை இல்லாமல் போவதில்லை, பல ஆண்டு கழித்து அதிக விலையுடன் திரும்பி வருகின்றன.

மூன்றாவது படலைக்கு வருவோம். அதற்கான திகதியை நாட்கணக்கிலிருந்து பின்னோக்கி எண்ணியே குறித்தோம். ஒக்டோபர் தொடங்கினால் எந்த நாளும் பெருமழை வரலாம், ஆகவே செப்டெம்பர் 30 க்குள் கட்டு மூடப்பட்டிருக்க வேண்டும். வெட்டி அத்திவாரம் வரை தோண்ட 8 நாள், அத்திவாரத்துக்கும் அதன்மேல் குழாய் பொருத்தவும் 10 நாள், துருசுக்குக் கொங்கிறீட் வார்க்க 14 நாள், அது மண்ணின் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இறுக 14 நாள். பின்னர் மண் நிரப்ப வேண்டும். வெட்டின் ஆழம் 12 அடி. ஆறு அங்குலப் படையாகப் போட்டு, நனைத்து, ரோலர் ஓட்டி, இறுக்கத்தைச் சோதித்துத்தான் அடுத்த படையைப் போடலாம் என்பதால் 24 படைகளுக்கு 24 நாள். எல்லாம் சேர்த்து 70 நாள். செப்டெம்பர் 30 இலிருந்து பின்னால் எண்ணினால் யூலை 23 வருகிறது. அதற்குப் பிறகு கட்டை வெட்டத் தொடங்கக்கூடாது. கூட்டத்தை யூலை 15 இல் வைத்தோம்.

இந்த நாட்கணக்கில் எல்லோரும் கைவைக்க விரும்பும் இடம் கடைசி 24 நாள்தான். இரண்டு ரோலர் விட்டால் பத்து நாளில் முடிக்கலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். வெட்டின் அடியில் ஒரு ரோலர் திரும்புவதற்கே இடம் போதாது என்பதைக் களத்தில் நின்று பார்த்தவர் அறிவார். ஓரடிப் படையாகப் போட்டு மேலால் ஓட்டினால் மேல்மண் மட்டும் இறுகும், அடியில் உள்ளது பொருமிக் கிடக்கும். குழாயின் இரு மருங்கிலும் அந்தப் பொருமல் இருந்தால் முதல் மாரியிலேயே நீர் அதைத் தேடிப் போகும்.

படலையைத் தாண்டுவதற்கு நான்கு நிபந்தனைகள் இருந்தன: புதிய துருசின் குழாய்களும் இரும்புக் கதவும் களத்தில் இருக்க வேண்டும்; சோதித்துத் தேறிய களிமண் 150 கியூப் கட்டின் அருகே குவிக்கப்பட்டிருக்க வேண்டும்; மேலும் மண் ஏற்றுவதற்கான அனுமதிப்பத்திரம் செப்டெம்பர் முடியும் வரை செல்லுபடியாக வேண்டும்; ஒரு பெக்கோவும் ரோலரும் வேறு எந்த வேலைக்கும் போகாமல் அங்கே நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் போய்ப் பார்த்து உண்டு இல்லை என்று சொல்லக்கூடியது. 'ஆயத்தங்கள் திருப்திகரமாக இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தால் அன்று எல்லாமே திருப்திகரமாக இருந்திருக்கும்.

15 ஆம் திகதி குவியலில் 60 கியூப் மண்தான் இருந்தது, கதவு கொழும்பிலிருந்து வரவில்லை. ஒப்பந்தக்காரர், வெட்டத் தொடங்கினால் ஒரு மாதம் கழித்துத்தானே கதவு தேவை, அதற்குள் வந்துவிடும் என்றார். அவருடைய நியாயம் அவருக்கு. இயந்திரங்கள் சும்மா நின்றால் அவருக்கு நட்டம். பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். 'நிபந்தனையுடன் தொடரலாம்' என்ற யோசனை எழுந்தது. இந்தச் சொற்றொடரைக் கேட்டால் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். வேலை தொடங்கிய மறுநாளே நிபந்தனையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். நினைவில் வைத்திருப்பவரும் வெட்டிய கட்டின் முன்னால் நின்றுகொண்டு எதுவும் செய்ய முடியாது. ஆகவே வேறுவிதமாக எழுதினோம்: தொழில்நுட்ப அலுவலர் 22 ஆம் திகதி காலை களத்தைப் பார்ப்பார், நான்கு நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால் அன்றே எழுத்தில் அனுமதி கொடுப்பார், ஒன்று குறைந்தாலும் கட்டு இந்த ஆண்டு வெட்டப்படாது, இதற்காக மீண்டும் கூட்டம் கூட்டப்படாது.

22 ஆம் திகதி மண் முழுவதும் வந்திருந்தது, இயந்திரங்கள் நின்றன, அனுமதி இருந்தது, கதவு வரவில்லை. கட்டு வெட்டப்படவில்லை.

அன்று மாலை அமைப்பின் கூட்டத்துக்கு நான்தான் போய்ச் சொன்னேன். சிறுபோகத்தை விட்டுக்கொடுத்த சனங்களின் முகத்தைப் பார்ப்பது இலேசான வேலை அல்ல. பலர் சத்தம் போட்டார்கள். வயதான ஒரு கமக்காரர் மட்டும், 'ஒரு போகம் பொறுத்தம், இன்னொண்டும் பொறுப்பம். கட்டு போச்செண்டால் ஆர் தம்பி கட்டித் தாறது?' என்றார். அவருக்குத் தெரிந்த ஒரு குளத்தில், சில ஆண்டுகளுக்கு முன், ஓகஸ்ட் கடைசியில் கட்டை வெட்டியிருந்தார்கள். 24 படைகளில் பதினொன்றோ பன்னிரண்டோ போட்ட நிலையில் மழை தொடங்கியது. ஈர மண்ணை அவசரமாகத் தள்ளி மூடினார்கள், அது இறுகவில்லை. நீர் ஏறியதும் புது மண்ணும் பழைய கட்டும் சேரும் இடத்தால் ஊற்றெடுத்து, ஓரிரவில் அரித்துக்கொண்டு போனது. துருசு வேலைக்கு ஒதுக்கிய பணத்தைவிடக் கூடுதலாக உடைப்பை அடைக்கச் செலவானது, காலபோகமும் போனது. அந்தக் குளத்துக்கும் ஒரு வழிநடத்தற் குழு இருந்தது. அதன் கூட்டறிக்கையைப் பிறகு நான் வாசித்தேன். ஓகஸ்ட் மாதப் பக்கத்தில் வேலை 45 வீதம் முடிந்தது என்று இருந்தது, மழையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பொறுத்திருப்பதற்கும் விலை உண்டு, அதைக் குழு அறிந்தே ஏற்க வேண்டும். எங்களுக்கு ஒப்பந்தக்காரருக்கான ஈடும் விலை ஏற்றமும் சேர்த்து 5 இலட்சம் கூடியது. பழைய துருசின் வாயைக் களிமண் மூட்டைகளால் அடைத்து, நீர் மட்டத்தை வழக்கத்தைவிடக் குறைவாக வைத்துக் காலபோகத்தைச் சமாளித்தோம். அடுத்த ஆண்டு யூன் கடைசியிலேயே வெட்டி, செப்டெம்பர் முதல் வாரத்தில் மூடினோம்.

இந்த இடத்தில் உங்களுக்கு வரக்கூடிய பெரிய தடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'காசு திரும்பிப் போய்விடும்' என்ற பயம்தான் அது. அரசாங்க நிதியாண்டு டிசெம்பர் 31 உடன் முடிகிறது, செலவழிக்காத ஒதுக்கீடு அதனுடன் காலாவதியாகிறது. எங்கள் மழையோ ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை பெய்கிறது. எனவே கட்டில் மண் போடவே கூடாத மூன்று மாதத்தில்தான் பணத்தைச் செலவழிக்கும் நெருக்கடி உச்சத்துக்குப் போகிறது. பொறுத்திரு என்று முடிவெடுக்க மனமிருந்தாலும் குழுவால் முடியாமல் போவதற்கு இதுவே முதற் காரணம் என்பது என் கணிப்பு. இதற்கு மருந்து மூன்றாவது படலையில் இல்லை, முதலாவதில்தான் இருக்கிறது: மழைக்காக ஒரு கட்டம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனால் பணம் தள்ளிவைக்கப்படுமா என்று நிதி தருபவரிடம் அன்றே எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் ஒரே நிதியாண்டுக்குள் வெட்டி மூடக்கூடிய அளவுக்கு வேலையைச் சிறிதாக்குங்கள். எங்கள் நிதி தருபவர் சம்மதித்ததற்கு, கூட்டறிக்கையில் திகதி, நிபந்தனை, பார்த்தவர், குறைவு என்பன ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருந்தது பெரிதும் உதவியது.

குழுவில் யார் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது சரியில்லாவிட்டால் மேலே சொன்னது எதுவும் நடக்காது. பணத்துக்குப் பொறுப்பானவர் ஒருவர், குளத்து நீரைப் பயன்படுத்துவோர் சார்பில் ஒருவர், வேலையின் தரத்துக்குப் பொறுப்பான தொழில்நுட்பத் தரப்பில் ஒருவர். இந்த மூவரும் போதும். பிரின்ஸ்2 முறையில் வாக்கெடுப்பு கிடையாது. மூவரையும் கேட்டபின் பணத்துக்குப் பொறுப்பானவரே முடிவைச் சொல்வார், பதிலும் அவரே சொல்ல வேண்டும். பதினைந்து பேர் கையுயர்த்தி எடுத்த முடிவு பிழைத்தால் பொறுப்பேற்க ஒருவரும் இருக்கமாட்டார். திட்ட அலுவலர் பத்திரத்தை முன்வைத்து விளக்கலாம், முடிவில் பங்கெடுக்கக்கூடாது. திட்டம் நின்றால் அவருடைய வேலையும் நிற்கிறது. ஒப்பந்தக்காரரைக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வெளியே அனுப்பிவிடுங்கள். எங்கள் யூலைக் கூட்டத்தில் அதைச் செய்யாதது எங்கள் பிழை. அவர் அமர்ந்திருந்ததால் இருவர் வாய் திறக்கவில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

பத்திரம் மூன்று பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. முடிந்த கட்டத்தில் கண்டறிந்தது என்ன, அடுத்த கட்டத்துக்கு எவ்வளவு பணமும் எத்தனை நாளும் வேண்டும், பலன் பற்றிய கணக்கு இப்போது எப்படி இருக்கிறது, இன்றைக்கு நிறுத்தினால் எவ்வளவு செலவாகும் என்பவை இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலானோர் எழுதுவதில்லை. அதை எழுதாவிட்டால் குழுவின் முன்னால் தொடரும் வழி ஒன்றுதான் கணக்குடன் இருக்கும், நிறுத்தும் வழி வெறும் பயமாகவே இருக்கும். எங்கள் இரண்டாவது படலையில் முழுவதையும் நிறுத்துவதற்கான செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் ஈடும் பழைய துருசை அடைக்கும் செலவும் இருந்தன. கட்டை வெட்டியபின் அந்த வரியில் எழுதுவதற்குத் தொகை எதுவும் இருந்திருக்காது. பத்திரம் கூட்டத்துக்கு ஐந்து நாளாவது முன் கையில் கிடைக்க வேண்டும். அன்று காலையில் கொண்டுவந்து நீட்டினால் கூட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

நான்காவது படலையைப் பலர் வைப்பதே இல்லை, ஏனென்றால் திறப்பு விழா முடிந்துவிடும். ஆனால் மண்கட்டின் உண்மையான சோதனை முதன்முறை குளம் நிரம்பும்போதுதான். நாங்கள் ஒப்பந்தக்காரரின் பிடித்துவைத்த பணத்தை அதற்கு முன் விடுவிக்கவில்லை. தைப்பொங்கல் கழிந்து, நீர் ஒரு மாதம் நிறைந்து நின்றபின், தொழில்நுட்ப அலுவலரும் அமைப்பின் தலைவரும் கட்டின் கீழ்ப்புறத்தில் துருசின் இருமருங்கும் நடந்து பார்த்தார்கள். ஒரு இடத்தில் கசிவு இருந்தது. போத்தலில் பிடித்து வைத்துப் பார்த்ததில் நீர் தெளிவாக இருந்தது, அடியில் மண் படியவில்லை. கலங்கலாக வந்திருந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள், நீர் மட்டத்தை உடனே இறக்க வேண்டியிருந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு நாள்தோறும் பிடித்துப் பார்க்கும்படி அமைப்பின் ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். கசிவு கூடவும் இல்லை, கலங்கவும் இல்லை. மாசி மாதத்தில் குழு கூடிப் பணத்தை விடுவித்து, குளத்தின் பராமரிப்பை அமைப்பிடம் ஒப்படைத்தது.